லீஸ் முடியும்போது மிஷின் யாருடையது? ஒர்க்‌ஷாப் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்பு, மோட்டார் உதிரி பாகங்களை ஜாப் ஒர்க்காக ஓட்டும் சின்ன ஒர்க்‌ஷாப்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. லீஸ் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே கணக்கைத்தான் எடுத்திருக்கிறேன்: ஜிஎஸ்டி இல்லாமல் 30 லட்ச ரூபாய் விலையுள்ள, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு விஎம்சி மில்லிங் மிஷின், 48 மாத லீஸ், மாத வாடகை 72,500 ரூபாய், எஞ்சிய மதிப்பு 15 சதவீதம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பத்திரத்தில் உள்ள எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனுக்கும் லீஸுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் மாசா மாசம் கட்டத்தானே போறேன்?

கடனில் வாங்கினால் பில் உங்கள் பெயரில் வரும். மிஷின் முதல் நாளே உங்களுடையது, வங்கிக்கு அதன் மேல் அடமான உரிமை மட்டும்தான். கடைசித் தவணை முடிந்ததும் அந்த உரிமையும் போய்விடும்.

லீஸில் பில் லீஸ் கம்பெனியின் பெயரில் வரும். உங்கள் ஷெட்டில் நின்றாலும், நீங்களே எண்ணெய் போட்டுத் துடைத்தாலும், மிஷின் அவர்களுடையது. நீங்கள் கட்டுவது வாடகை. 48 வாடகையும் ஒன்று விடாமல் கட்டி முடித்தாலும் அது தானாக உங்களுடையதாகிவிடாது. அடுத்து என்ன என்பதைப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் இரண்டு மூன்று வரிகள்தான் தீர்மானிக்கும். வாடகை எவ்வளவு என்பதை எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். அந்த இரண்டு மூன்று வரிகளைப் பேரம் பேசியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பத்திரத்தில் "ரெசிடுவல் வேல்யூ 15%" என்று போட்டிருக்கிறது. அது என்ன கணக்கு?

லீஸ் முடியும் நாளில் மிஷின் இவ்வளவு பெறும் என்று இன்றைக்கே ஒப்புக்கொண்டு எழுதி வைக்கும் தொகைதான் அது. தமிழில் எஞ்சிய மதிப்பு என்று சொல்லலாம். நம் கணக்கில் 30 லட்சத்தில் 15 சதவீதம், அதாவது 4,50,000 ரூபாய்.

லீஸ் கம்பெனி எப்படி யோசிக்கிறது என்று பார்த்தால் இது எளிதாகப் புரியும். அவர்கள் கையிலிருந்து 30 லட்சம் போகிறது. அது இரண்டு வழியில் திரும்பி வர வேண்டும். ஒன்று, உங்கள் 48 வாடகை. இன்னொன்று, கடைசியில் மிஷினை விற்றால் வரும் பணம். அந்தக் கடைசிப் பணம் 4.5 லட்சம் என்று வைத்துக்கொண்டு, மீதி அசலையும், போட்ட பணம் முழுவதுக்கும் வட்டியையும் உங்கள் வாடகையில் பரப்பி வைக்கிறார்கள். ஆண்டுக்கு 13 சதவீதம் என்று எடுத்து, ஒவ்வொரு மாதமும் தொடக்கத்திலேயே வாடகை வாங்கினால் 72,500 வரும். எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=PMT(13%/12,48,-3000000,450000,1)
```

இதில் 450000 என்பதுதான் எஞ்சிய மதிப்பு. கடைசியில் இருக்கும் 1, வாடகை மாதத் தொடக்கத்தில் போகிறது என்பதைக் குறிக்கும். மாதக் கடைசியில் என்றால் 0 போடுங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த 4.5 லட்சத்துக்கும் நான்கு வருடம் கழித்துச் சந்தையில் அந்த மிஷின் என்ன விலைக்குப் போகும் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நன்றாக வைத்திருந்த, பெயருள்ள கம்பெனியின் விஎம்சி அதைவிட நல்ல விலைக்குப் போகலாம். கன்ட்ரோலர் பழசாகி, உதிரி பாகம் கிடைக்காத மிஷின் அதற்கும் கீழே போகலாம். அந்த வித்தியாசம் லாபமானால் யாருக்கு, நஷ்டமானால் யார் தலையில் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசப் போவது.

எஞ்சிய மதிப்பை 30% ஆக்கினால் வாடகை குறையும் என்கிறார்கள். அப்படியே போட்டுவிடலாமா?

வாடகை குறைவது உண்மை. 30 சதவீதம், அதாவது 9 லட்சம் வைத்தால் மாதம் சுமார் 65,400 வரும். எஞ்சிய மதிப்பே இல்லாமல் போட்டால் சுமார் 79,600. ஒரு மாதத்துக்கு 14,000 ரூபாய் வித்தியாசம் என்பது சின்னத் தொகை இல்லை, அதனால் கை தானாக 30 சதவீதத்துக்குப் போகும்.

ஆனால் மிஷின் கடைசியில் உங்களுக்கு வேண்டும் என்றால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். எஞ்சிய மதிப்பு இல்லாவிட்டால் மொத்தம் 38.2 லட்சம். 15 சதவீதத்தில் வாடகை 34.8 லட்சமும் கடைசியில் 4.5 லட்சமும் சேர்ந்து 39.3 லட்சம். 30 சதவீதத்தில் வாடகை 31.4 லட்சமும் கடைசியில் 9 லட்சமும் சேர்ந்து 40.4 லட்சம். தள்ளிப்போட்ட பணத்துக்கும் 48 மாதம் வட்டி ஓடுகிறது, அதனால்தான் கூடுகிறது.

வட்டியைவிட எனக்குப் பயம் கடைசி மாதத்தைப் பற்றித்தான். 49ஆம் மாதம் 9 லட்சத்தை ஒரே தொகையாகப் புரட்ட வேண்டும். அந்த நேரத்தில் கையில் இல்லாவிட்டால் அவர்கள் சொல்லும் நிபந்தனையில்தான் நீட்டிக்க வேண்டியிருக்கும். புது ஆர்டர் பிடித்து, முதல் ஒன்றரை வருடம் பணம் இறுக்கமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு உயர்ந்த எஞ்சிய மதிப்பு உதவும். மற்றவர்களுக்கு 10 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பது என் கருத்து.

வட்டி எவ்வளவு என்று கேட்டால் "இது லீஸ் சார், வட்டியே கிடையாது" என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்திரத்தில் வட்டி என்ற வார்த்தை இருக்காது, அது சரிதான். ஆனால் வாடகைக்குள் அது இருக்கிறது. வெளியே எடுக்க ஒரு வரி போதும்:

```
=RATE(48,72500,-3000000,450000,1)*12
```

13 சதவீதம் வரும். இந்த எண்ணைத்தான் வங்கிக் கடன் வட்டியோடு வைத்துப் பார்க்க வேண்டும். சிலர் வேறு மாதிரி சொல்வார்கள்: "நீங்கள் மொத்தம் கட்டுவது 39.3 லட்சம், மிஷின் 30 லட்சம், கூடுதல் 9.3 லட்சம், நாலு வருஷத்துக்கு வகுத்தால் 7.75 சதவீதம்தான்." இது பிளாட் கணக்கு. நீங்கள் மாதா மாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள் என்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை. வங்கி சொல்லும் வட்டி குறையும் நிலுவை மேல் போடுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

டெபாசிட்டையும் மறக்காதீர்கள். வட்டியில்லாத டெபாசிட்டாக 3 லட்சம் வாங்கிக்கொண்டு, முடிவில் திருப்பித் தருகிறோம் என்றால், அவர்கள் உங்களுக்கு உண்மையில் தந்தது 27 லட்சம்தான். கடைசியில் அவர்களுக்குக் கிடைப்பதும் 4.5 லட்சத்தில் 3 லட்சம் போக 1.5 லட்சம்தான்:

```
=RATE(48,72500,-2700000,150000,1)*12
```

இப்போது 15.4 சதவீதம் ஆகிவிட்டது. வாடகையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பிராசஸிங் கட்டணம் வாங்கினால் அதையும் இதே போல 27 லட்சத்திலிருந்து கழித்துப் பாருங்கள், ஆனால் அது திரும்பி வராத பணம் என்பதால் 150000ஐத் தொட வேண்டாம்.

"கடைசியில் மிஷின் உங்களுக்கே சார்" என்று விற்க வந்தவர் சொல்கிறார். நம்பலாமா?

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். நான்கு வருடம் கழித்து அவர் அந்த வேலையில் இருப்பாரா என்பது தெரியாது, பத்திரம் இருக்கும். அதனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த பத்திரங்களில் இந்த வரி நான்கு விதமாக வரும்.

முதல் விதம், லீஸ் எடுப்பவர் எஞ்சிய மதிப்பான 4,50,000 ரூபாயைக் கட்டி மிஷினை வாங்கிக்கொள்ளலாம் என்று தொகையோடு எழுதியிருப்பது. இது உங்களுக்கு நல்லது. சந்தையில் மிஷின் 8 லட்சம் போனாலும் நீங்கள் 4.5 லட்சம்தான் கொடுக்க வேண்டும். 3 லட்சம்தான் போகிறது என்றால் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். லாபம் உங்களுக்கு, நஷ்டம் அவர்களுக்கு.

இரண்டாவது, அன்றைய நியாயமான சந்தை விலையில் வாங்கலாம் என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த விலையை யார் சொல்வது? "கம்பெனி நிர்ணயிக்கும் விலை" என்று இருந்தால், நீங்கள் 48 மாதம் பார்த்துப் பார்த்துப் பராமரித்ததே உங்கள் விலையைக் கூட்டிவிடும். இந்த விதத்தில்தான் முடிகிறது என்றால், இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மதிப்பீட்டாளர், விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் போகாது என்ற உச்ச வரம்பு, இந்த இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் நான் மிகவும் பயப்படுவது: எஞ்சிய மதிப்புக்கு நீங்கள் உத்தரவாதம் தருவது. மிஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவர்கள் விற்றுப் பார்ப்பார்கள், எழுதிய தொகைக்குக் குறைந்தால் குறைந்ததை நீங்கள் கட்ட வேண்டும். எஞ்சிய மதிப்பு 9 லட்சம் என்று எழுதி, ஏலத்தில் 6 லட்சம் போனால், மிஷினும் போய் 3 லட்சமும் போகும். "குறைந்த வாடகை" என்று மகிழ்ந்தவர்கள் அகப்படுவது இங்கேதான். இந்த உத்தரவாதம் இருந்தால், மிஷினை யாருக்கு விற்றார்கள் என்ற பில்லைக் காட்ட வேண்டும், அதிக விலை தரும் ஆளை நீங்களே கூட்டி வர 30 நாள் தர வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, வாங்கும் பேச்சே இல்லாமல் இருப்பது. திருப்பிக் கொடுப்பது அல்லது நீட்டிப்பது, அவ்வளவுதான். விற்க வந்தவர் வாயால் சொன்னதுக்கும் பத்திரத்துக்கும் மிகத் தூரம் இருப்பது இந்த விதத்தில்தான். சொன்னதை ஒரு மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

திருப்பிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. "இயல்பான தேய்மானம் தவிர நல்ல நிலையில்" ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். விஎம்சியைப் பொறுத்தவரை எது இயல்பான தேய்மானம், எது சேதம் என்பதில்தான் சண்டை வரும்.

பார்க்க வருபவர் முதலில் ஸ்பிண்டிலில் டெஸ்ட் பாரை மாட்டுவார். டயல் கேஜ் முள்ளை அதன் மேல் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுவார். மூக்குப் பக்கத்தில் ஒரு முறை, பாரின் கீழ் நுனியில் ஒரு முறை. முள் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு அச்சுகளில் பேக்லாஷ் பார்ப்பார். வே கவரைத் திறந்து கீழே துருவும் சில்லும் இருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். டூல் சேஞ்சரை முழுச் சுற்று ஓடவிடுவார். கன்ட்ரோலரில் பழைய அலாரப் பட்டியலைத் திறப்பார்.

முள் ஆடிய அந்த அளவை, அதாவது ரன்அவுட்டை, 12 மைக்ரான் என்று அவர் எழுதிவிட்டால், அது முதல் நாளே எவ்வளவு இருந்தது என்று உங்களால் காட்ட முடியுமா? மிஷின் வந்து இறங்கியபோது தயாரித்த கம்பெனி தந்த ஜியோமெட்ரி சோதனைத் தாள்தான் உங்களுக்கு ஒரே சாட்சி. அதை லீஸ் பத்திரத்தோடு இணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச அளவு இவ்வளவு என்றும் எழுதிவிடுங்கள். இது எழுதப்படாததால், ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்கு ஸ்பிண்டில் மாற்றும் செலவைக் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

கன்ட்ரோலரின் நினைவக பேட்டரியையும் கவனியுங்கள். கடைசி மாதங்களில் மிஷினை அணைத்தே வைத்திருப்பார்கள், பேட்டரி இறங்கும், அளவுருக்கள் அழிந்துவிடும். பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வந்து திரும்ப ஏற்ற வேண்டும், அந்த பில் உங்களுக்கு வரும். ஒரு பேக்கப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது, கிரேன், லாரி, அவர்கள் சொல்லும் கிடங்கு வரை கொண்டுபோவது எல்லாம் பெரும்பாலும் எடுத்தவர் செலவு. கிடங்கு எந்த ஊரில் என்று எழுதாமல் விட்டால் புனேவுக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்ப வேண்டியதுதான். "கோவை மாவட்டத்துக்குள்" என்று போடச் சொல்லுங்கள்.

48 மாதம் முடிந்தும் கணக்கிலிருந்து வாடகை போய்க்கொண்டிருக்கிறது. இது எப்படி?

தானாக நீளும் நிபந்தனை இருந்திருக்கும். முடிவதற்கு இத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் அதே வாடகையில் மேலும் 3 மாதமோ 12 மாதமோ ஓடும் என்று ஒரு வரி. 90 நாள் முன்னறிவிப்பு என்றால் 45ஆம் மாதம் முடிவதற்குள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மிஷினின் விலையை எஞ்சிய மதிப்பு வரை நீங்கள் கட்டி முடித்துவிட்டீர்கள். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு 72,500ம் அவர்களுக்கு ஏறக்குறைய முழு லாபம். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் 4,35,000 போய்விடும், ஏறக்குறைய எஞ்சிய மதிப்பையே கட்டிய மாதிரி, ஆனால் மிஷின் இன்னும் உங்களுடையது அல்ல.

கையெழுத்துக்கு முன்னால் என்றால், நீண்டால் வாடகை எவ்வளவு என்று பேசுங்கள். அசல் முடிந்த பிறகான இரண்டாம் கட்ட லீஸுக்கு மிகச் சிறிய வாடகை வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்தான். கட்டிய கூடுதல் வாடகையை வாங்கும் விலையில் கழிக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஏற்கெனவே நீண்டுவிட்டது என்றால் இன்றே கடிதம் கொடுங்கள், அப்போதுதான் அடுத்த நீட்டிப்பாவது நிற்கும். வங்கியில் தானியங்கிப் பற்று உத்தரவை மட்டும் நிறுத்தினால் அது தவணை தவறியதாகப் பதிவாகி, உங்கள் கடன் வரலாற்றைக் கெடுக்கலாம்.

மிஷின் ரெண்டு மாசம் பழுதாகி நின்றால் அந்த வாடகையைத் தள்ளுபடி செய்வார்களா?

செய்ய மாட்டார்கள். பணம் போட்டவர் வேறு, மிஷின் செய்தவர் வேறு. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை நிபந்தனையின்றிக் கட்ட வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா மிஷின் லீஸிலும் இருக்கும், அதைப் பேரம் பேசி எடுக்க முடியாது. உங்களால் கேட்டு வாங்கக்கூடியது வேறு ஒன்று: தயாரிப்பாளரின் வாரண்டி உரிமையை உங்களுக்கு எழுதி மாற்றித் தருவது. பில் லீஸ் கம்பெனி பெயரில் இருப்பதால், இந்தக் கடிதம் இல்லாவிட்டால் சர்வீஸ் ஆள் "நீங்கள் வாங்கியவர் இல்லையே" என்று நிற்பார்.

இன்சூரன்ஸ் உங்கள் செலவு, பணம் வந்தால் போவது அவர்களுக்கு. தீயில் மிஷின் முழுக்கப் போய்விட்டால் இன்சூரன்ஸ் தருவதற்கும் பத்திரப்படி நிலுவைக்கும் இடைவெளி விழலாம். அதனால் பாலிசியைத் தேய்மானம் கழித்த விலைக்கு எடுக்காமல், புது மிஷின் விலைக்கு எடுங்கள்.

நடுவில் முடித்துக்கொள்ள நினைத்தால்?

பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குப் பூட்டுக் காலம் உண்டு. அதற்குப் பிறகு கேட்டால் எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்பதை இன்றைக்கே பாருங்கள். 24 மாதம் முடிந்த நிலையில், மீதி 24 வாடகையையும் எஞ்சிய மதிப்பையும் அப்படியே கூட்டினால் 21.9 லட்சம். அதே தொகைகளை அதே 13 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் சுமார் 18.9 லட்சம். 3 லட்சம் வித்தியாசம், பத்திரத்தில் "தள்ளுபடி செய்த மதிப்பு" என்று இருக்கிறதா இல்லையா என்பதில் அடங்கியிருக்கிறது. அந்த வீதமும் எண்ணில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஜிஎஸ்டியும் வருமான வரியும் எப்படி வரும்?

வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 72,500க்கு 13,050, ஆக மாதம் 85,550 போகும். நீங்கள் வழக்கமான பதிவில் இருந்தால் 13,050ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், 5.4 லட்சத்தை முதல் நாளே மொத்தமாகப் போட வேண்டியதில்லை என்பது லீஸின் உண்மையான வசதி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது திரும்பவே வராது. 48 மாதத்தில் 6,26,400 ரூபாய் கூடுதல் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் 4.5 லட்சத்துக்கு வாங்கும்போதும் 81,000 ஜிஎஸ்டி உண்டு.

வருமான வரியில், வாடகை முழுவதும் தொழில் செலவாகக் கழியும். தேய்மானம் உங்களுக்குக் கிடையாது, உரிமையாளரான லீஸ் கம்பெனிக்குத்தான். கடனில் வாங்கியிருந்தால் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம் குறையும் மதிப்பு முறையில் தேய்மானமும் வட்டியும் நீங்கள் கழித்திருப்பீர்கள். லாபம் நன்றாக இருக்கும் ஆண்டுகளில் வாடகை வேகமாகக் கழிவது உதவும். ஆனால் லீஸ் என்று பெயர் வைத்து, உரிமை கடைசியில் கட்டாயம் உங்களுக்கே வரும்படி எழுதினால் அதை ஹயர் பர்ச்சேஸாகப் பார்க்க இடமுண்டு, அப்போது வரிக் கணக்கே மாறும். வாங்கும் உரிமை என்பது உங்கள் விருப்பமாக இருக்கட்டும், கட்டாயமாக வேண்டாம். மிஷின் வாடகைக்கு டிடிஎஸ் 2 சதவீதம் பிடிக்கும் கடமையும் சிலருக்கு உண்டு, உங்கள் விற்றுமுதலை வைத்து ஆடிட்டரிடம் கேளுங்கள். அரசு மூலதன மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்வாருங்கள்.

எனக்கு 44ஆம் மாதம் ஓடுகிறது. வாங்கவா, நீட்டவா, கொடுத்துவிடவா?

நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் போதும். முதலில் பழைய மிஷின் வியாபாரிகள் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். "இதை இன்றைக்கு என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்று கேட்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு.

அவர்கள் 7 லட்சத்துக்கு எடுக்கிறேன் என்றும், உங்களுக்கு 4.5 லட்சத்தில் வாங்கும் உரிமை உறுதியாக எழுதப்பட்டும் இருந்தால், வேலையே இல்லாவிட்டாலும் வாங்குங்கள். வாங்கி விற்றாலே வித்தியாசம் உங்களுடையது. 4 லட்சம்தான் என்கிறார்கள், ஆனால் கையில் ஆர்டர் இருக்கிறது என்றாலும் வாங்குவதே பெரும்பாலும் சரி. நீங்கள் பழகிய மிஷின், அதன் குணம் உங்களுக்குத் தெரியும், கழற்றி ஏற்றும் செலவும் ஒப்படைப்புச் சண்டையும் மிச்சம். ஸ்பிண்டில் சத்தம் வர ஆரம்பித்துவிட்டது, அல்லது உங்கள் வேலை இப்போது நாலாவது அச்சு கேட்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒப்படைப்புச் செலவை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள். நீட்டிப்பது ஒரு ஆர்டரை முடிக்க நாலைந்து மாதம் மட்டும் தேவைப்படுபவர்களுக்கு, அதுவும் வாடகை நன்றாகக் குறைந்தால் மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கடிதம் போக வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள், அதே நாளில் பத்திரத்தில் உள்ள மின்னஞ்சலுக்கும் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"மேற்படி எண்ணுள்ள லீஸ் ஒப்பந்தம் குறிப்பிட்ட தேதியில் முடிகிறது. அதற்குப் பின் தானாக நீட்டிக்க எங்களுக்குச் சம்மதம் இல்லை. ஒப்பந்தத்தின் வாங்கும் உரிமைப் பிரிவின்படி 4,50,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் செலுத்தி இயந்திரத்தை வாங்கிக்கொள்கிறோம். இறுதி நிலுவைக் கணக்கையும், டெபாசிட்டை ஈடுகட்டும் விவரத்தையும், விற்பனை விலைப்பட்டியலையும் 15 நாட்களுக்குள் அனுப்பித் தரவும். லீஸ் முடியும் தேதிக்குப் பின் தானியங்கிப் பற்று எதுவும் எடுக்க வேண்டாம்."

திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் வாங்கும் வரியையும் விற்பனை விலைப்பட்டியல் கேட்கும் இடத்தையும் எடுத்துவிட்டு, பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று கேளுங்கள். பரிசோதனை அன்று மிஷினை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்திருங்கள், உங்கள் செட்டரும் பக்கத்தில் நிற்கட்டும், டயல் கேஜ் காட்டும் ஒவ்வொரு அளவையும் அவரும் தனித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.